ஹால் டிவியில் யாருடைய கணக்கு ஓடுகிறது?

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்குச் சேலத்தில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்கு வருகிறார். ஹாலில் புது டிவி. யூடியூபைத் திறந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு விளம்பரம். மகன் மாதச் சந்தா கட்டுகிறவர், அவர் கணக்கில் விளம்பரம் வராது. அதனால் தன் கணக்கையே டிவியில் போட்டுக் கொடுக்கிறார். திரையில் வந்த குறியீட்டை youtube.com/activate என்ற முகவரியில் போனில் தட்டியதும் வேலை முடிந்தது. காணும் பொங்கல் முடிந்து அவர் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். கணக்கு ஹாலிலேயே தங்கிவிடுகிறது.

அதன்பிறகு அவர் போனில் யூடியூபைத் திறக்கும்போதெல்லாம் காலையில் சுப்ரபாதம், மதியம் வத்தக்குழம்பு, சாயங்காலம் அக்கா மகள் பார்க்கும் கார்ட்டூன் பாட்டு என்று வரிசை கட்டி நிற்கின்றன. நடுநடுவே அப்பாவின் முழங்கால் வலிப் பயிற்சி. சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் ஒருநாள் போனில் அம்மா கேட்கிறார்: “ஏம்ப்பா, இருக்கிற வேலையை விடப் போறியா? டிவியைப் போட்டா இன்டர்வியூவுக்கு எப்படிப் பதில் சொல்றதுன்னே வருதே!”

மகன் வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை. ராத்திரி படுக்கையில் போனில் பார்த்த நான்கைந்து வீடியோக்கள் ஹாலில் போய்ச் சொல்லிவிட்டன.

இதில் டிவியின் மேல் தப்பில்லை. எதைப் பார்த்தோம், எதைத் தேடினோம் என்ற பட்டியல் டிவிக்குள் சேர்வதில்லை, கணக்கில் சேர்கிறது. கணக்கு எத்தனை கருவிகளில் திறந்திருக்கிறதோ அத்தனையும் ஒரே பட்டியலில் எழுதுகின்றன, ஒரே பட்டியலைப் படித்துத்தான் பரிந்துரை செய்கின்றன. ஹாலில் சீரியல் பார்த்தால் பெங்களூரில் தெரியும். பெங்களூரில் தேடினால் ஹாலில் தெரியும். நம் ஆட்கள் முதலாவதைப் பற்றித்தான் புலம்புவார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது இரண்டாவது. போன் ஒருவர் கையில் இருப்பது. ஹால் டிவி, பால்காரருக்குக் காசு கொடுக்கக் கதவைத் திறந்தால் வாசலிலிருந்தே தெரிவது. குழந்தைப்பேறு சிகிச்சை பற்றி ஒரு மருமகள் தனியே தேடிப் பார்த்தது, மாமியாரின் தோழிகள் கூடியிருக்கும் நேரத்தில் பெரிய திரையில் சிறுபடங்களாக வந்து நின்றால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பார்த்த படங்களின் பட்டியல் ஒருவரைப் பற்றி எவ்வளவு சொல்லும் என்ற கேள்வி யூடியூபுக்கு முந்தியது. 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ராபர்ட் போர்க் என்ற நீதிபதியின் பெயர் முன்மொழியப்பட்டிருந்தபோது, அவர் குடும்பம் வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்த 146 படங்களின் பட்டியலை வாஷிங்டனில் ஒரு வார இதழ் வெளியிட்டது. பட்டியலில் அசிங்கமாக ஒன்றும் இல்லை. ஆனாலும் அரசியல்வாதிகளுக்கு உதறல் எடுத்துவிட்டது. நம் பட்டியலும் இப்படி வெளியே வந்தால்? மறு ஆண்டே, வாடிக்கையாளர் எடுத்த வீடியோக்களின் விவரத்தைக் கடைக்காரர் வெளியே சொல்லக்கூடாது என்று சட்டம் வந்தது. வெளியாரிடமிருந்து காக்கத்தான் அந்தச் சட்டம். சொந்த ஹாலில் நம் பட்டியலை நாமே திறந்துவைத்துவிட்டு வந்தால் எந்தச் சட்டமும் உதவாது.

சேலம் வீட்டுக்குத் திரும்புவோம். மகன் முதலில் செய்வது எல்லோரும் செய்வதுதான். அப்பாவுக்குப் போன் போடுகிறார்.

“அப்பா, யூடியூப்ல இடது பக்கமா தள்ளிட்டே போங்க. என் போட்டோ ஒரு வட்டத்துல தெரியுதுங்களா?”

“தெரியுது. ரொம்ப இளைச்ச மாதிரி இருக்கியே.”

“அது பழைய போட்டோப்பா. அதை அமுக்குங்க. Sign out-னு இருக்கா?”

“இருக்கு. அமுக்கிட்டேன். இப்ப விளம்பரமா வருது.”

வேலை முடிந்தது என்று மகன் நினைக்கிறார். இரண்டு நாளில் சுப்ரபாதம் மறுபடி போனில் வந்துவிடுகிறது. நடந்தது இதுதான்: பல டிவிகளில் சைன் அவுட் கொடுத்த பிறகும் அந்தக் கணக்கின் பெயர், ஆப்பைத் திறந்ததும் ‘யார் பார்க்கிறீர்கள்’ என்று கேட்கும் பக்கத்தில் அப்படியே நிற்கும். விளம்பரத் தொல்லை தாங்காமல் அம்மா அந்த வட்டத்தை ஒரு தடவை அமுக்கியிருப்பார். பாஸ்வேர்டு எதுவும் கேட்காது, பழையபடி கணக்கு திறந்துகொள்ளும். கணக்கிலிருந்து வெளியே வருவது வேறு, கணக்கை டிவியிலிருந்தே எடுப்பது வேறு. எடுப்பதற்கு அதே பக்கத்தில் Remove account என்று தனியாக ஒன்று இருக்கும். டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர் தேட வேண்டியது அதைத்தான். அதை அமுக்கிய பிறகு திரும்ப நுழைய வேண்டுமானால் குறியீடு, போன் என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தொலைவில் இருப்பவர் அடுத்து நினைப்பது பாஸ்வேர்டை மாற்றிவிடலாம் என்பது. பெரும்பாலான இடங்களில் அது சரியான யோசனை. இங்கே அதை நம்பி உட்கார முடியாது. காரணம், அந்த டிவிக்கு மகனின் பாஸ்வேர்டு ஒருபோதும் தெரிந்திருந்ததே இல்லை. பொங்கலன்று நடந்ததைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். டிவி ஒரு குறியீட்டைக் காட்டியது. ஏற்கெனவே கணக்கு திறந்திருந்த தன் போனில் அவர் அந்தக் குறியீட்டைத் தட்டி, ‘ஆமாம், இந்த டிவியை அனுமதிக்கிறேன்’ என்றார். கூகுள் உடனே டிவிக்கு நீளமான ஒரு ரகசிய எழுத்துச் சரத்தை அனுப்பியது. டோக்கன் என்பார்கள். டிவி அதைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அதைக் காட்டி உள்ளே போகிறது. ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிப் பாஸ்வேர்டு அடிக்கும் கொடுமையிலிருந்து நம்மைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. அதன் மறுபக்கம், பாஸ்வேர்டை மாற்றினாலும் டோக்கன் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினால் எல்லா இடங்களிலிருந்தும் வெளியேற்றப்படுவீர்கள் என்று சொல்லும் கூகுளே, அனுமதி கொடுத்து இணைத்த சில கருவிகளும் ஆப்களும் அதற்கு விலக்கு என்று சொல்லியிருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது, கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்குவது. போனிலோ கம்ப்யூட்டரிலோ இந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும்:

```
myaccount.google.com/permissions
```

நம் கூகுள் கணக்கைப் பயன்படுத்த எந்தெந்த ஆப்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் வரும். பலருக்கு இதுவே ஒரு சின்ன அதிர்ச்சி வைத்தியம். என்றோ விளையாடிய கேம், ஒரே ஒரு தடவை சாப்பாடு வாங்கிய ஆப் எல்லாம் அதில் உட்கார்ந்திருக்கும். அவற்றின் நடுவே YouTube on TV என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து அனுமதியை நீக்கிவிட்டால் டிவியிடம் இருக்கும் டோக்கன் செத்துவிடும். ஒன்றைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்: இந்த வழியில் இணைத்த எல்லா டிவிகளிலிருந்தும் கணக்கு ஒரே அடியாக வெளியேறும். பெங்களூரில் அவர் அறையில் இருக்கும் டிவியிலும் மறுபடி குறியீடு போட வேண்டியிருக்கலாம். சேலத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பெங்களூரை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அப்பாவைத்தான் திரும்ப ரிமோட் எடுக்கச் சொல்ல வேண்டும். எனக்கு அனுமதியை நீக்குவதே பிடித்த வழி. அறையில் ஒரு தடவை குறியீடு அடிப்பதில் ஒரு நிமிடம் போகும், அவ்வளவுதான். போனில் அப்பாவுக்கு ரிமோட் பாடம் எடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ் போன்ற சொந்த மென்பொருளில் ஓடும் டிவிகளுக்கு இந்தக் கதை பொருந்தும். ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி என்று பெயர் போட்டவற்றில் இன்னொரு அடுக்கு உண்டு. அங்கே கணக்கு யூடியூப் ஆப்புக்குள் மட்டும் இருக்காது, போனில் இருப்பதுபோல் டிவியின் சொந்தக் கணக்காகவே உட்கார்ந்திருக்கும். ஆப் வாங்கும் பிளே ஸ்டோரும் அதே கணக்கில்தான் ஓடும். யூடியூபுக்குள் என்ன செய்தாலும் அந்த அடுக்கு அசையாது. டிவியின் Settings-க்குப் போய், கணக்குகள் இருக்கும் பகுதியில் அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்து Remove கொடுக்க வேண்டும். தொலைவிலிருந்து என்றால், கூகுள் கணக்கின் Security பகுதியில் Your devices என்ற பட்டியல் இருக்கிறது. போன், லேப்டாப் இவற்றோடு டிவியும் அதில் நிற்கும். அதைத் தொட்டு Sign out கொடுத்துவிடலாம். எந்த வகை டிவி என்று தெரியாவிட்டால் இரண்டு பட்டியலையும் பார்த்துவிடுவது நல்லது.

வெளியேறிவிட்டதா என்று எப்படித் தெரியும்? அப்பாவிடம் கேட்டால் “போயிடுச்சுப்பா” என்றுதான் சொல்வார், போட்டோ கண்ணில் படவில்லை என்பதை வைத்து. நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. மகன் தன் வாழ்நாளில் பார்க்கவே மாட்டாத ஒரு வீடியோவை டிவியில் ஓடவிடச் சொல்ல வேண்டும். மாட்டுச் சந்தை விலை நிலவரம், காது குத்து விழா, எதுவாகவும் இருக்கட்டும். சில நிமிடம் கழித்துத் தன் போனில் youtube.com/feed/history பக்கத்தைப் பார்க்க வேண்டும். மாடு அங்கே வந்து நின்றால் கணக்கு இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. அனுமதியை நீக்கிய நேரத்தில் டிவி அணைந்திருந்தாலும் கவலையில்லை. அடுத்த தடவை போட்டு இணையத்தோடு பேச முயலும்போது கதவு சாத்தப்பட்டிருக்கும்.

இனி அழிப்பு. வெளியேறுவதால் பழைய பட்டியல் அழியாது. அது கணக்கில் இருக்கிறது, கணக்கோடு மகனிடமே இருக்கிறது. டிவியிலிருந்து வெளியேறிய பிறகும் அவர் போனில் வத்தக்குழம்பு வருவது அதனால்தான். இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. டிவியில் யூடியூப் செட்டிங்ஸில் Clear watch history என்று ஒன்று இருக்கும். டிவியில் பார்த்தது மட்டும் அழியும் என்று நினைத்து அதை அமுக்குகிறார்கள். கணக்கின் முழுப் பட்டியலும் போய்விடும். நான்கு வருடமாகப் போனில் பார்த்ததும் சேர்ந்தே போகும், திரும்ப வராது. ஹால் டிவியில் ஒரு பேத்தி விளையாட்டாக இதை அமுக்கினால் பெங்களூரில் மாமாவின் பட்டியல் காலி.

வரிசையும் முக்கியம். டிவியைத் துண்டிக்காமல் ஹிஸ்டரியை அழிப்பது குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதுதான். நீங்கள் அழித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். துண்டித்துவிட்டோம் என்று மாட்டுச் சந்தைச் சோதனையில் உறுதியான பிறகுதான் இந்தப் பக்கத்துக்கு வர வேண்டும்:

```
myactivity.google.com/product/youtube
```

போனில் யூடியூப் செட்டிங்ஸில் Manage all history என்று இருப்பதும் இங்கேதான் கொண்டுவந்து விடும். பார்த்ததும் தேடியதும் நேரத்தோடு இங்கே கிடக்கும். Delete என்பதைத் தொட்டால் இன்றையதை மட்டும் அழிக்கவா, குறிப்பிட்ட நாட்களுக்குள் உள்ளதை அழிக்கவா, மொத்தமும் அழிக்கவா என்று கேட்கும். மகனின் சிக்கல் இங்கேதான் சுவாரசியமாகிறது. பொங்கல் விடுமுறை நாட்களில் அவர் தனியாக எதையும் பார்க்கவில்லை. வீடே சேர்ந்து டிவி பார்த்தது. அந்த நாட்களை முழுசாக அழித்துவிடலாம். Delete custom range என்பதில் முதல் தேதியும் கடைசித் தேதியும் கொடுத்தால் போதும். ஆனால் அவர் திரும்பிப் போன பிறகு உள்ள வாரங்களில் இரண்டு ஊரும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கின்றன. தேதியை வைத்துப் பிரிக்க வழியில்லை.

நேரத்தை வைத்து எது யாருடையது என்று தெரிந்துகொள்ளலாம். அவர் அலுவலகத்தில் இருக்கும் காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை பதிவானது எல்லாம் சேலத்துடையது. விடியற்காலைச் சுப்ரபாதத்தைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். ஆனால் நேரம் கொடுத்து மொத்தமாக அழிக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பதில் அந்தப் பக்கத்தின் தேடல் பெட்டியில் ‘சமையல்’, ‘சீரியல்’, ‘rhymes’ என்று ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்து, வந்த முடிவுகளை மட்டும் அழிப்பது சீக்கிரம் முடியும். தலைப்பில் அந்தச் சொல் இருந்தால்தான் மாட்டும் என்பதால் கொஞ்சம் தப்பிக்கும். தப்பித்தவை போனில் கண்ணில் படும்போது மூன்று புள்ளியைத் தொட்டு Remove from watch history கொடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால், அந்த வாரங்களை மொத்தமாகவே அழித்துவிடலாம். நான் அவராக இருந்தால் அதைத்தான் செய்வேன். இழப்பு என்ன? பாதியில் நிறுத்திய இரண்டு மூன்று பாடங்கள் எங்கே விட்டோம் என்பது மறந்துபோகும். அவற்றை முன்னதாகவே Watch later பட்டியலில் போட்டுவிட்டால் அதுவும் இல்லை. ஹிஸ்டரியை அழிப்பது சேமித்த பட்டியல்களைத் தொடாது.

தொடாது என்பதுதான் அடுத்த தொல்லையும். சப்ஸ்கிரைப் செய்தவை, லைக் போட்டவை எல்லாம் ஹிஸ்டரி அல்ல. அம்மா ரிமோட்டில் சப்ஸ்கிரைப் செய்த மூன்று கோலச் சேனல்களும் ஒரு ஜோசியச் சேனலும் மகன் கணக்கில் அப்படியே இருக்கும், பரிந்துரையையும் பாதித்துக்கொண்டே இருக்கும். அவற்றைச் சப்ஸ்கிரிப்ஷன் பக்கத்தில் தனியே போய் எடுக்க வேண்டும். தேடியவையும் தனிக் கணக்கு. பார்த்ததை அழித்துவிட்டுத் தேடியதை விட்டுவிட்டால், தேடல் பெட்டியைத் தொட்டதும் பழைய தேடல்கள் வரிசையாக வந்து நிற்கும். இன்டர்வியூ வீடியோவைப் பார்த்தது அழிந்திருந்தாலும் ‘notice period’ என்று தேடியது காட்டிக்கொடுத்துவிடும். மை ஆக்டிவிட்டி பக்கத்தில் தேதி வாரியாக அழித்தால் இரண்டும் சேர்ந்து போகும். டிவியில் அழிப்பதானால் Clear search history என்று இன்னொன்றையும் அமுக்க வேண்டும். அழித்த உடனே பரிந்துரைகள் மாறாவிட்டால் பதற வேண்டாம், எல்லாக் கருவிகளிலும் பரவச் சில மணி நேரம் ஆகலாம்.

சிலர் எதற்கு வம்பு என்று ஹிஸ்டரி சேர்வதையே நிறுத்திவிடுவார்கள். Pause watch history என்று டிவியிலேயே இருக்கிறது. நிறுத்தியிருக்கும் வரை பார்ப்பது பட்டியலில் சேராது. பண்டிகைக்கு வந்து இரண்டு நாள் மட்டும் தன் கணக்கைப் பயன்படுத்துகிறவருக்கு இது நல்ல வழி, ஊருக்குப் போனதும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மொத்தமும் அழித்துவிட்டு, சேர்வதையும் நிறுத்திவைத்தால் ஒரு விநோதம் நடக்கும். 2023 ஆகஸ்டிலிருந்து யூடியூப் அப்படிப்பட்ட கணக்குகளுக்கு முகப்பில் எதையும் பரிந்துரைப்பதில்லை. தேடல் பெட்டியும் ஓரப் பட்டியும் மட்டும் இருக்கும், நடுவில் வெறுமை. டிவி கெட்டுவிட்டது, நெட் வரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டு விடாதீர்கள். எனக்கென்னவோ அந்த வெறுமை பிடித்திருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர் தேடிப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவார். ஆனால் ரிமோட்டில் தமிழ் தட்டச்சு செய்யத் தெரியாத பெரியவர்களுக்கு அந்த முகப்புப் படங்கள்தான் மெனு கார்டு. அவர்களுடைய டிவியில் இதைச் செய்வது அநியாயம்.

அப்படியானால் சேலத்தில் இனி எந்தக் கணக்கு ஓடுவது? கணக்கே இல்லாமலும் பார்க்கலாம். அப்போதும் டிவி தன்னளவில் பார்த்ததை நினைவில் வைத்துப் பரிந்துரைத்துக்கொண்டுதான் இருக்கும். மகனின் போனோடு சம்பந்தம் இருக்காது என்பது மட்டும்தான் வித்தியாசம். ஆனால் அம்மாவின் கோலச் சேனல்களை அங்கே சப்ஸ்கிரைப் செய்துவைக்க முடியாது. அப்பாவின் ஆண்ட்ராய்டு போனில் எப்படியும் ஒரு ஜிமெயில் இருக்கும், அதைப் போட்டால் என்ன என்று தோன்றும். அப்போது கார்ட்டூன் பாட்டு அப்பாவின் போனுக்கு இடம் மாறும். அவர் தனியாகத் தேடும் நோய் விவரங்கள் ஹாலுக்கு வரும். சிக்கல் ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்குக் கை மாறுகிறது, அவ்வளவுதான். யாருடைய போனிலும் இல்லாத, ஹால் டிவிக்கென்றே ஒரு புதுக் கணக்கைத் தொடங்குவதுதான் தீர்வு. மகனின் சந்தா அதில் வராது, விளம்பரம் வரும். அதைச் சகித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கணக்குக்கும் சந்தா கட்ட வேண்டும். புதுக் கணக்கில் Auto-delete என்ற இடத்துக்குப் போய் மூன்று மாதம் என்று வைத்துவிட்டால், பழையது தானாகக் கழிந்துகொண்டே இருக்கும். நாமாக மாற்றாவிட்டால் 2020-க்குப் பிறகு தொடங்கிய கணக்குகளில் அது 36 மாதம் என்று இருக்கும். பேத்திக்கு அதே ஆப்பில் குழந்தைகளுக்கான தனிப் பகுதி உண்டு. நான்கு வயது வரை, ஐந்திலிருந்து எட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு என்று வயதைப் பார்த்து அமைத்துக்கொள்ளலாம். அவள் பாட்டுகள் அங்கேயே நிற்கும்.

வந்துபோகிறவர்களுக்கு டிவியில் கணக்கே தேவையில்லை. மாப்பிள்ளை தன் போனில் இருக்கும் ஒரு வீடியோவை எல்லோருக்கும் காட்ட நினைத்தால், அதே வைஃபையில் சேர்ந்து, யூடியூபில் திரைபோல இருக்கும் காஸ்ட் சின்னத்தைத் தொட்டால் போதும். படம் டிவியில் ஓடும், பதிவு அவர் போனில் இருக்கும் கணக்கில் போய்ச் சேரும். வீட்டுக் கணக்கு அப்படியே இருக்கும். பொங்கலன்று மகன் செய்திருக்க வேண்டியதும் இதுதான். சில டிவிகள் அப்படிச் சேர்ந்த போன்களை Linked devices என்று நினைவில் வைத்துக்கொள்ளும். டிவியின் யூடியூப் செட்டிங்ஸில் அதைத் திறந்து எல்லாவற்றையும் ஒரே அடியாகக் கழற்றிவிடலாம்.

பழைய டிவியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது இதையெல்லாம் யாரும் நினைப்பதில்லை. கடை ஆள் புதுப் பெட்டியை மாட்டிவிட்டு, பழையதைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியிருப்பார். அது இன்னொரு வீட்டு ஹாலில் போய் உட்காரும்போது, உள்ளே உங்கள் டோக்கன் உயிரோடு இருந்தால் அந்த வீட்டார் பார்ப்பது உங்கள் போனில் வரும், நீங்கள் பார்ப்பது அங்கே வரும். டெலிவரி வண்டி வருவதற்கு முன்னால் டிவியின் Settings-இல் Reset என்பதைத் தேடி, ஃபேக்டரி ரீசெட் கொடுத்துவிட வேண்டும். டிவியில் இருக்கும் கணக்கு, ஆப், வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் போய்விடும். டிவி ஏற்கெனவே போய்விட்டதென்றால், அல்லது திரை உடைந்து மெனுவே தெரியவில்லையென்றால், permissions பக்கத்திலும் Your devices பட்டியலிலும் அதைக் கண்டுபிடித்து வெட்டலாம். திருமணத்துக்குப் போய்த் தங்கிய லாட்ஜ் அறை டிவி, காலி செய்துவிட்டு வந்த வாடகை வீட்டில் ஓனர் வைத்திருந்த டிவி, நண்பனின் அறையில் கிரிக்கெட் பார்க்கக் குறியீடு போட்ட டிவி எல்லாவற்றையும் அங்கேயே வெட்டிவிடலாம்.